புளூபிரிண்ட் போட்ட பிறகும் வினாத்தாள் ஏன் ஒரு பக்கம் சாய்கிறது?

கேள்வி: வணக்கம் சார். பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். முதல் நான்கு பாடங்களுக்கு 40 மதிப்பெண்ணில் தேர்வு வைக்கணும். புளூபிரிண்டோடு கொடுங்கள் என்கிறார் தலைமை ஆசிரியர். இதுவரை வினாத்தாளை எடுத்துவிட்டு அதற்கேற்ப அட்டவணையை நிரப்பித்தான் பழக்கம். முறையாக எப்படிப் போடுவது? எடுத்த வினாத்தாள் அதன்படி இருக்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: அட்டவணையில் முதலில் நிரப்ப வேண்டியது நடுவில் உள்ள கட்டங்களை அல்ல, ஓரத்தில் வரும் மொத்தங்களை. ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மதிப்பெண், ஒவ்வொரு சிந்தனை நிலைக்கும் எத்தனை மதிப்பெண் என்று முடிவு செய்துவிட்டால் உள்ளே உள்ள கட்டங்கள் பெரும்பாலும் தானாக அமைந்துவிடும்.

பாடத்தின் பங்கைப் புத்தகத்தின் பக்க எண்ணிக்கையை வைத்துப் போடாதீர்கள். படம் நிறைய உள்ள பாடம் பக்கத்தைத் தின்றுவிடும். நீங்கள் வகுப்பில் உண்மையில் எடுத்துக்கொண்ட பாடவேளைகளே நல்ல அளவுகோல். உதாரணமாக இயக்க விதிகளுக்கு 10, ஒளியியலுக்கு 9, வெப்ப இயற்பியலுக்கு 5, மின்னோட்டவியலுக்கு 8 பாடவேளைகள், ஆக 32 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் 32-ஆல் வகுத்து 40-ஆல் பெருக்கினால் 12.5, 11.25, 6.25, 10 என்று வரும். பின்னத்தை வெட்டினால் 12, 11, 6, 10. கூட்டினால் 39தான். விடுபட்ட ஒரு மதிப்பெண்ணை, பின்னம் அதிகமாக இருந்த இயக்க விதிகளுக்குக் கொடுங்கள்.

சிந்தனை நிலைகளுக்கு ஆறு படிகள் கொண்ட பட்டியலை பி.எட். படிக்கும்போது பார்த்திருப்பீர்கள். 40 மதிப்பெண் தேர்வுக்கு அவ்வளவு வேண்டாம். நான்கு பாடங்களை ஆறு நிலைகளில் பிரித்தால் 24 கட்டங்கள் வரும். உங்களிடம் இருப்பதோ 20 வினாக்கூட இல்லை. அறிதல், புரிதல், பயன்படுத்துதல் என்ற மூன்று போதும். 30, 40, 30 சதவீதம் என்று வைத்தால் 12, 16, 12 மதிப்பெண்கள்.

| பாடம் | அறிதல் | புரிதல் | பயன்படுத்துதல் | மொத்தம் |
|---|---|---|---|---|
| இயக்க விதிகள் | 4 | 5 | 4 | 13 |
| ஒளியியல் | 3 | 5 | 3 | 11 |
| வெப்ப இயற்பியல் | 3 | 2 | 1 | 6 |
| மின்னோட்டவியல் | 2 | 4 | 4 | 10 |
| மொத்தம் | 12 | 16 | 12 | 40 |

எல்லா வரிசையையும் ஒரே விகிதத்தில் பிரிக்கவில்லை, கவனியுங்கள். மின்னோட்டவியலில் கணக்குக்கு இடம் அதிகம், அதனால் அங்கே பயன்படுத்துதலுக்கு 4. வெப்பத்தில் அதற்கு 1 போதும் என்பது என் கணிப்பு. உங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றலாம், ஓர மொத்தங்கள் மட்டும் மாறக்கூடாது.

அப்புறம் வினா வகை. ஒரு மதிப்பெண் வினா 8, இரண்டு மதிப்பெண் வினா 6, நான்கு மதிப்பெண் வினா 5 என்றால் 8 + 12 + 20, சரியாக 40. கட்டத்தில் 5 இருந்தால் அதை 4 + 1 என்றும், 3 இருந்தால் 2 + 1 என்றும், இயக்க விதிகளின் அறிதலில் உள்ள 4-ஐ மட்டும் 2 + 1 + 1 என்றும் உடைத்துப் போடுங்கள். மேலே உள்ள அட்டவணை இந்த 19 வினாக்களுக்குள் மிச்சமில்லாமல் அடங்கும். நான்கு மதிப்பெண் வினாக்கள் இயக்க விதிகளில் 2, ஒளியியலில் 1, மின்னோட்டவியலில் 2 வரும். மின்னோட்டவியலில் ஒரு மதிப்பெண் வினாவே இருக்காது, அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

இனி சரிபார்ப்பு. பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். புளூபிரிண்டை மூடி வைத்துவிட்டு, வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வினாவுக்கும் பாடத்தையும் நிலையையும் புதிதாக எழுதுங்கள். சக ஆசிரியர் ஒருவர் எழுதித் தந்தால் இன்னும் நல்லது. ஒரே வினாவில் வரையறைக்கு 1, கணக்குக்கு 3 என்று இருந்தால் இரண்டு வரிசையாகப் பிரித்து எழுதுங்கள். கணினியில் செய்வதானால் முதல் நெடுவரிசையில் வினா எண், அடுத்து பாடம், நிலை, மதிப்பெண் என்று போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்படி ஒரு சூத்திரம்:

```
=SUMIFS(D:D,B:B,"மின்னோட்டவியல்",C:C,"பயன்படுத்துதல்")
```

பாடத்தின் பெயரை ஓரிடத்தில் வேறு எழுத்தில் அடித்திருந்தாலோ, பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருந்தாலோ அந்த வினா கணக்கில் சேராது. கட்டங்களின் கூட்டுத்தொகை 40-க்குக் குறைந்தால் முதலில் அதைத் தேடுங்கள்.

நிலையைக் குறிக்கும்போது வினாவில் உள்ள வினைச்சொல்லை நம்பாதீர்கள். ‘விளக்குக’ என்று முடிவதாலேயே அது புரிதல் ஆகிவிடாது. நியூட்டனின் இரண்டாம் விதியை நோட்ஸில் எழுதிப்போட்டு அதையே விளக்கச் சொன்னால் அது அறிதல்தான். கணக்குகளுக்கும் இதே கதி. 60 வாட், 100 வாட் பல்புகளை வீட்டு மின்சாரத்தில் தொடராக இணைத்தால் எது பிரகாசமாக எரியும் என்று கேட்கிறீர்கள். 60 வாட் பல்புக்கு மின்தடை அதிகம். தொடரிணைப்பில் மின்னோட்டம் ஒன்றே என்பதால் அதில்தான் அதிகத் திறன் செலவாகும் என்று மாணவர் யோசித்துச் சொன்னால் அது பயன்படுத்துதல். நேற்று வகுப்பில் இதையே கரும்பலகையில் போட்டுக் காட்டியிருந்தால் வெறும் நினைவு. வினாவைப் பார்த்து மட்டும் நிலையைச் சொல்ல முடியாது, வகுப்பில் என்ன நடந்தது என்பதும் தெரிய வேண்டும்.

இது எவ்வளவு தூரம் இழுக்கும் என்று பாருங்கள். இயக்க விதிகளிலும் மின்னோட்டவியலிலும் பயன்படுத்துதலுக்கென்று வைத்த இரண்டு நான்கு மதிப்பெண் கணக்குகளும் புத்தகத்தில் தீர்த்துக் காட்டியவை, எண்கள்கூட மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த 8 மதிப்பெண் அறிதலுக்குப் போய்விடும். 30, 40, 30 என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வினாத்தாள் உண்மையில் 50, 40, 10. பாட வாரியான மொத்தத்தில் ஒரு மாற்றமும் தெரியாது, அதனால் பாடத்தை மட்டும் கூட்டிப் பார்ப்பவர் கண்ணில் இது படாது. எண்களை மாற்றினால் மட்டும் போதுமா என்பதில் ஆசிரியர்களிடையே இரண்டு கருத்து உண்டு. சூழலும் மாற வேண்டும் என்பேன் நான். எதுவானாலும் உங்கள் பள்ளியில் எல்லோரும் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்.

40 மதிப்பெண்ணில் ஒரு மதிப்பெண் என்பது 2.5 சதவீதம். பாடத்தில் ஒன்று, நிலையில் இரண்டு வரை கூடினாலும் குறைந்தாலும் விட்டுவிடலாம். அதைத் தாண்டினால் வினாவை மாற்றுங்கள், அட்டவணையைத் திருத்தாதீர்கள்.

சாய்ஸ் கொடுப்பதாக இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. பொதுத்தேர்வு அறிவியல் தாளிலேயே 10 இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு 7 எழுதினால் போதும். அதே பாணியில் நீங்கள் ஒளியியலில் மனப்பாடமாக எழுதக்கூடிய ஒரு நான்கு மதிப்பெண் வினாவைச் சேர்த்து ‘6-இல் 5 எழுதுக’ என்று போட்டால், மின்னோட்டவியல் கணக்கை விட்டுவிட்டு அதை எழுதுவார்கள். அப்படி எழுதும் மாணவருக்கு மின்னோட்டவியல் 10-லிருந்து 6 ஆகிவிடும், பயன்படுத்துதல் 12-லிருந்து 8 ஆகும். நீங்கள் போட்ட புளூபிரிண்ட் ஒன்று, அவர் எழுதும் தேர்வு இன்னொன்று. சாய்ஸ் கட்டாயம் வேண்டுமென்றால் ‘அல்லது’ போட்டு, இரண்டு வினாவையும் ஒரே கட்டத்திலிருந்து, அதாவது அதே பாடம், அதே நிலையிலிருந்து எடுங்கள். சரிபார்க்கும்போது ‘அல்லது’ வினாவுக்குத் தனி வரிசை போட்டு, முதல் வினாவின் கட்டமும் அதன் கட்டமும் ஒன்றா என்று மட்டும் பாருங்கள், மதிப்பெண்ணைக் கூட்ட வேண்டாம்.