யூபிஎஸ்சி ஸ்டாஃபா, ஆக்சிலரியா?

"டெல்லி கரோல் பாகில் தங்கிப் படிக்கிறேன். பொது நிர்வாகப் பாட மாதிரித் தேர்வில் யூபிஎஸ்சியை ஸ்டாஃப் ஏஜென்சி என்று எழுதினேன், மார்க் போய்விட்டது. எப்படிப் பிரிப்பது?"

பக்கத்து ராஜிந்தர் நகரில் படித்தபோது நானும் இதில்தான் தடுக்கினேன். கேள்வி பதிலாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கே: முதலில் எதைப் பார்ப்பது?
ப: வேலை யாருக்குப் போய்ச் சேருகிறது என்று. ரயில் ஓட்டுவது நேரடியாக மக்களுக்கு, அது லைன் ஏஜென்சி.

கே: மற்றதெல்லாம் ஸ்டாஃபா?
ப: இல்லை. யோசனை சொன்னால் ஸ்டாஃப், நிதி ஆயோக் மாதிரி. பல துறைகளுக்கும் பொதுவான வேலையைத் தானே செய்து கொடுத்தால் ஆக்சிலரி. அரசுக் கட்டடம் கட்டும் சிபிடபிள்யூடி அந்த வகை.

கே: அப்போ யூபிஎஸ்சி?
ப: துறைகளுக்கு ஆள் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதுதான் அதன் முதன்மை வேலை, அதனால் ஆக்சிலரி. ஆனால் ஒழுங்கு நடவடிக்கைகளில் அதன் ஆலோசனையைக் கேட்கும்படி அரசியலமைப்பின் 320-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த இடத்தில் அது செய்வது ஸ்டாஃப் வேலை. அரசு அதை ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை. நீங்கள் எழுதியது முழுத் தவறில்லை, பாதிதான். 'ஆக்சிலரி' என்று தொடங்கி 320-ஐ ஒரு வரியில் சேருங்கள்.

கே: ஸ்டாஃப் கட்டளையிடாதுதானே?
ப: ஏட்டில் அப்படித்தான். ஆனால் பிரதமர் அலுவலகமும் ஸ்டாஃப்தான், அங்கிருந்து போன் வந்தால் எந்தச் செயலர் அதை வெறும் யோசனையாக எடுத்துக்கொள்வார்?