தீபாவளி லேகியம் விற்கிறீர்களா? அறிவிப்பில் என்ன எழுதலாம்: கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டில் லேகியம் கிண்டி விற்பவர்களும் வாங்குபவர்களும் கேட்டவை. பதில் சொல்பவர் தர்மபுரியில் தீபாவளிக்குத் தீபாவளி லேகியம் போட்டு விற்கும் ஒரு அக்கா.

பென்னாகரத்திலிருந்து: அக்கா, ஸ்டேட்டஸ்ல போட இப்படி எழுதி வச்சிருக்கேன். "பாட்டி கைப்பக்குவத்தில் 100% சுத்தமான தீபாவளி லேகியம்! அஜீரணம், வாயு, அல்சர், சுகர் எல்லாம் பறந்துபோகும். பக்கவிளைவே கிடையாது. கால் கிலோ, அரைக் கிலோ, 100 கிராம் பாட்டில் கிடைக்கும்." பாத்து சொல்லுங்க.

கடைசி வரியை மட்டும் வைத்துக்கொள்ளம்மா. மற்றதைத் திருத்த வேண்டும்.

சுகர் போகும் என்று எழுதவே கூடாது. சில நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று தடுக்கிறது, அந்தப் பட்டியலில் சர்க்கரை நோய் இருக்கிறது. சட்டத்தை விடு, லேகியத்தில் பாதி வெல்லம். சுகர்காரர் உன் வரியை நம்பி ரெண்டு உருண்டை போட்டால் என்ன ஆகும்? பக்கவிளைவு இல்லை என்பதும் நம்மால் சொல்லக்கூடியது இல்லை. அதிமதுரம் போட்டால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும், தேன் போட்டால் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

"100% சுத்தமான" என்பதில் பலபேர் மாட்டுகிறார்கள். உணவு விளம்பரங்களுக்கென 2018-இல் வந்த விதிமுறைப்படி, ஒரே பொருளாக இருக்கும் உணவைத்தான் சுத்தமானது என்று சொல்லலாம். நெய்யைச் சொல்லலாம். பத்துப் பன்னிரண்டு சாமான் சேர்ந்த லேகியத்தைச் சொல்ல முடியாது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"தீபாவளி லேகியம். சுக்கு, மிளகு, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், தனியா, அதிமதுரம், ஏலக்காய் வறுத்து அரைத்துச் சலித்து, வடிகட்டிய வெல்லப் பாகில் நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டியது. ஆறியபின் தேன் சேர்த்தது. நிறமி, பிரிசர்வேடிவ் போடவில்லை. மிளகும் திப்பிலியும் இருப்பதால் காரமாக இருக்கும். எடையில் பாதி வெல்லம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தர வேண்டாம். 100 கிராம், கால் கிலோ, அரைக் கிலோ. ஆர்டர் எடுத்த பிறகே கிண்டுகிறோம்."

பாட்டி கைப்பக்குவம் என்பது உண்மையாக இருந்தால் வைத்துக்கொள். அது யாரையும் ஏமாற்றாது.

அரூரிலிருந்து: லேபிளில் சாமான் பேரை எந்த வரிசையில் போடறது? சுக்கு, திப்பிலி முதல்ல வந்தா பார்க்க நல்லா இருக்கும்னு பாக்கறேன்.

எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும், அதுதான் விதி. ஒரு கிலோ கணக்கை எடுத்துக்கொள்வோம். சுக்கு, ஓமம், தனியா மூன்றும் தலா 50 கிராம். மிளகு, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, சீரகம் நான்கும் தலா 25. சித்தரத்தை 20, அதிமதுரம் 10, ஏலக்காய் 5. மொத்தம் 285 கிராம். வறுத்து அரைத்துச் சலித்தால் சுக்கு நாரும் சித்தரத்தைச் சக்கையும் கழிந்து 250 கிராம் பொடி நிற்கும். இதற்கு வெல்லம் அரைக் கிலோ, நெய் 100 கிராம், நல்லெண்ணெய் 100 கிராம், தேன் 50 கிராம்.

ஆகவே லேபிள் வெல்லத்தில்தான் ஆரம்பிக்கும். அடுத்து நெய், நல்லெண்ணெய், அப்புறம் சுக்கு, ஓமம், தனியா, தேன் என்று இறங்கும். பார்க்க அவ்வளவு கம்பீரமாக இருக்காது, ஆனால் 100 கிராம் பாட்டிலில் ஏறக்குறைய 50 கிராம் வெல்லம் என்பது வாங்குபவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். நெய் இருப்பதால் பால் பொருள் உள்ளது என்றும் தனியாகக் குறித்துவிடுங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: லேகியம்னு பேர் வச்சாலே மருந்து லைசென்ஸ் வேணும், உணவுப் பதிவு செல்லாதுன்னு சொல்றாங்களே. அப்ப நாம எல்லாரும் தப்புதான் பண்றோமா?

நீங்கள் சொல்வதில் பாதி சரி. சித்த மருந்தாக, இந்த நோய்க்கு இவ்வளவு சாப்பிடு என்று விற்றால் மருந்து தயாரிப்பு உரிமம் வேண்டும். பண்டிகைக்குப் பலகாரத்தோடு சாப்பிடும் உணவாக விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கி, அந்த 14 இலக்க எண்ணை லேபிளில் போடுகிறார்கள். சிறு தயாரிப்பாளருக்கான பதிவை foscos.fssai.gov.in தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம்.

பேர் மட்டும் வைத்து முடிவாகிறதா என்று கேட்டால், அதிகாரிக்கு அதிகாரி பார்வை மாறுகிறது. பதிவு போடும்போது சாமான் பட்டியலையும் அறிவிப்பின் வாசகத்தையும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் காட்டிக் கேட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்து அதுதான் பத்திரமான வழி.

ஊத்தங்கரையிலிருந்து: நோய் பேர் போடக்கூடாது சரி. "செரிமானத்துக்கு நல்லது"ன்னு கூடவா போடக்கூடாது? இது ஊருக்கே தெரிஞ்ச விஷயமாச்சே!

ஊருக்குத் தெரிந்ததுதான் தம்பி, அதனால்தான் நீங்கள் எழுதத் தேவையே இல்லை. லேகியம் வாங்க வருபவர் எதற்கு என்று கேட்டு வாங்குவதில்லை. உடம்புக்கு இன்னது செய்யும் என்று எழுதினால் அதற்கு ஆதாரம் வைத்திருக்க வேண்டும், உங்கள் கலவைக்கு அந்த ஆதாரம் உங்களிடம் இருக்கிறதா? "தீபாவளி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஒரு சின்ன உருண்டை சாப்பிடுவது வழக்கம்" என்று எழுதுங்கள். வழக்கத்தைச் சொல்வதில் யாரும் குறை காண முடியாது.

ஊத்தங்கரை, மறுபடியும்: எல்லாக் கடையிலயும் போட்டுத்தான் விக்கறாங்க. நாம மட்டும் போடலன்னா வியாபாரம் போகும்க்கா.

போகலாம். நான் இல்லை என்று சொல்லவில்லை. போடுவதும் விடுவதும் உங்கள் முடிவு.

பாலக்கோட்டிலிருந்து: எங்க மாமியாருக்கு அல்சர். நீங்க சொல்ற லேகியம் கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கறது?

நாங்கள் பேசுவது விற்பனை அறிவிப்பைப் பற்றி. இந்தக் கேள்வி அவரைப் பார்க்கும் டாக்டருக்கு உரியதுங்க. மிளகு, திப்பிலி, சுக்கு மூன்றும் காரமானவை, இதில் நிறையவே இருக்கின்றன. லேபிளை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள். முழுப் பட்டியல் போடச் சொல்வது இதற்காகத்தான்.

காரிமங்கலத்திலிருந்து: போன தடவை கிண்டினது மறுநாள் கல்லு மாதிரி ஆயிடுச்சு. அதுக்கு பயந்து இளக்கமா இறக்கினா பத்து நாள்ல பூசணம். "வீட்டுப் பக்குவம்"னு எப்படி போடறது நான்?

ரெண்டுக்கும் காரணம் பாகுதான். வெல்லத்தில் அது மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர் விட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டுங்கள். ஆலை வெல்லத்தில் மண் இல்லாமல் இருக்காது, லேகியத்தில் நறநற என்று பல்லில் பட்டால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். வடிகட்டியதை அடிகனமான உருளியில் கொதிக்க விட்டு, விரலில் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும்போதே பொடியைத் தூவ வேண்டும். கம்பிப் பதம் தாண்டி, தண்ணீரில் விட்டால் உருளும் பதத்துக்குப் போய்விட்டால் அது கடலை மிட்டாய்ப் பாகு. மறுநாள் கல்லாகத்தான் செய்யும்.

தீயைக் குறைத்துக்கொண்டு, ஒரு கை தூவ ஒரு கை கிண்ட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் உள்ளே பச்சைப் பொடியோடு கட்டி விழும், அந்தக் கட்டி பிறகு உடையாது. நெய்யையும் நல்லெண்ணெயையும் கலந்து வைத்துக்கொண்டு கரண்டி கரண்டியாக விடுங்கள். முதலில் விட்டதெல்லாம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் லேகியம் உருளியை விட்டு ஒன்றாகச் சுருண்டு வரும், ஓரத்தில் எண்ணெய் கசியும். கொஞ்சம் எடுத்து ஆறவிட்டு உருட்டினால் கையில் ஒட்டக்கூடாது. அப்போது இறக்க வேண்டும். எண்ணெய் கசிவதற்கு முன்னால் இறக்கினால் ஈரம் உள்ளே தங்கும், உங்கள் பூசணம் அங்கிருந்துதான் வருகிறது.

இன்னொரு வழியிலும் வரும். சூடாகப் பாட்டிலில் அடைத்து உடனே மூடினால் மூடியின் உள்பக்கம் ஆவி முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு மேலேயே சொட்டும். பாட்டிலை வெயிலில் காய வைத்து, லேகியம் முழுக்க ஆறி, தேனும் கலந்த பிறகுதான் அடைக்க வேண்டும். ஐப்பசி மழையில் வெயில் கிடைக்காவிட்டால் முன்கூட்டியே பாட்டிலைக் காய வைத்துவிடுங்கள்.

கசப்பு அடித்தால் ஓமம் கருகியிருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து வறுக்காதீர்கள். சுக்கும் சித்தரத்தையும் தட்டிப்போட்டு முதலில், ஓமமும் சீரகமும் கடைசியில் தனியாக, வாசம் வந்ததும் இறக்கிவிட வேண்டும்.

பாப்பாரப்பட்டியிலிருந்து: நாட்டு மருந்துக் கடையில ரெடிமேட் லேகியப் பொடி வாங்கி, கிண்டறது மட்டும் வீட்டுல. இதுக்கும் வீட்டுத் தயாரிப்புன்னு போடலாமா?

"கடைப் பொடியில் வீட்டில் கிண்டியது" என்று போடுங்கள், அது நேர்மை. இதில் பேரைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அந்தப் பொட்டலத்தில் என்னென்ன என்று முழுப் பட்டியல் இல்லாவிட்டால் உங்கள் லேபிளை உங்களால் எழுதவே முடியாது. பட்டியல் அச்சிட்ட பொடியாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் சாமானை உருப்படியாக வாங்கி நீங்களே அரையுங்கள். வாங்கும்போது அரிசித் திப்பிலியையும் கண்டந்திப்பிலியையும் தனித்தனிப் பொட்டலமாகக் கேளுங்கள். ஒன்று காய், இன்னொன்று வேரும் தண்டும். வெறும் திப்பிலி என்று கேட்டால் எதையாவது ஒன்றைத்தான் கட்டிக் கொடுப்பார்கள்.

ஓசூரிலிருந்து: எத்தனை நாள் தாங்கும்னு போடறது? இங்க குளிருக்கு லேகியம் இறுகிப்போகுது, கெட்டுப்போச்சான்னு போன் பண்றாங்க.

எண்ணெய் கசியக் கிண்டியது ரெண்டு மாதம்கூடத் தாங்கும், ஆனால் நான் லேபிளில் ஒரு மாதம்தான் போடுவேன். வாங்குபவர் வீட்டில் ஈரக் கரண்டி போடுவார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பச்சை இஞ்சிச் சாறு சேர்த்த லேகியம் என்றால் அதைவிடக் குறைவாகப் போடுங்கள். ஒவ்வொரு தடவை கிண்டும்போதும் ஒரு சின்னப் பாட்டிலைத் தேதி எழுதி உங்கள் அடுப்படி அலமாரியிலேயே வைத்துவிடுங்கள், யாராவது குறை சொன்னால் திறந்து பார்த்துப் பேசலாம்.

இறுகுவது நெய் உறைவதால். தர்மபுரிக்கு அனுப்பும் லேகியத்தில் நெய்யும் நல்லெண்ணெயும் சரிபாதி என்றால், ஓசூருக்கும் தளிக்கும் போவதில் நெய்யைக் கொஞ்சம் குறைத்து அந்த அளவு நல்லெண்ணெயைக் கூட்டலாம். அப்படி மாற்றினால் லேபிளில் நல்லெண்ணெய் நெய்க்கு முன்னால் வந்துவிடும், மறக்காதீர்கள். அறிவிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "குளிரில் இறுகினால் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வைத்து எடுக்கவும். உலர்ந்த கரண்டி மட்டும் பயன்படுத்தவும்." போன் பாதியாகக் குறையும்.