திருவிழாக் கூட்டத்தில் ஒரு முகம்கூட விட்டுப்போகாமல் மறைப்பது

கேள்வி: "எங்க தோட்டத்துக் கோயில் திருவிழா வீடியோவை இணையத்துல போடணும். கூட்டத்துல எல்லார் முகத்தையும் தானா மங்கலாக்கச் சொன்னாங்க. ஒரு செயலியில ஓட்டிப் பார்த்தேன், அங்கங்க முகம் பளிச்னு தெரிஞ்சு மறையுது. விட்டுப்போன ஃபிரேமை எல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நான் இருப்பது பெஸ்தாரி ஜெயாவில். 2007-க்கு முன் பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்த ஊர்தான். எங்கள் பெரியவர்கள் வாயில் இன்றும் அதே பெயர். சுற்றிலும் செம்பனைத் தோட்டம். இங்கே ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் ரத ஊர்வலத்தைக் கைப்பேசியில் எடுத்து, இதே வேலையைச் செய்தேன். ஒரு அக்கா கேட்டுக்கொண்டதால் செய்தேன். அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்து, தங்கை வீட்டு லயத்தில் தங்கியிருந்தவர். "தம்பி, என் மூஞ்சி மட்டும் வெளிய தெரிஞ்சிடக் கூடாது" என்றார். அவர் முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தால், பார்ப்பவர்கள் அந்த ஒரு முகத்தைத்தான் யார் என்று தேடியிருப்பார்கள். அதனால் எல்லாருடைய முகத்தையும் மறைத்தேன்.

முகம் ஏன் பளிச்சிடுகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். `deface` போன்ற இலவசக் கருவிகள் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனிப் படமாகப் பார்க்கின்றன. முந்தைய ஃபிரேமில் அங்கே ஒரு முகம் இருந்தது என்ற நினைவு அவற்றுக்கு இல்லை. ஒருவர் குனிந்தாலோ, பால்குடம் முகத்தை மறைத்தாலோ, கற்பூரப் புகை வந்தாலோ அந்த ஃபிரேமில் முகம் தப்பிவிடும். என் காணொளி 4 நிமிடம் 10 நொடி. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் மொத்தம் 7,500. ஃபிரேமுக்குச் சராசரி 25 முகம் என்று வைத்தால் 1,87,500 தடவை ஒரு முகம் மறைக்கப்பட வேண்டும். கருவி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைப் பிடித்தாலும் 1,875 இடங்களில் முகம் திறந்தே கிடக்கும். யாராவது காணொளியை நிறுத்திப் பார்க்க அதில் ஒன்று போதும்.

கண்டறிவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கைப்பேசி எப்போதும் ஒரே வேகத்தில் எடுப்பதில்லை, வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு 30 என்பது 24 ஆகவும் குறையலாம். பிறகு ஒரு கருவியின் ஃபிரேம் எண் இன்னொன்றின் எண்ணோடு ஒத்துப்போகாது. மங்கல் வட்டம் முகத்தைவிட்டு நழுவி நிற்கும். அதனால் முதலில் சீரான வேகத்துக்கு மாற்றிவிடுங்கள்:

```
ffmpeg -i oorvalam.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 16 -c:a copy seer.mp4
```

அப்புறம் கண்டறிதல். கணினி மெதுவாக இருக்கிறது என்று பலர் `--scale 640x360` என்று கொடுப்பார்கள். 1920 அகலப் படம் அப்போது மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். பின்வரிசையில் 30 பிக்சல் அகலத்தில் இருந்த முகம் 10 பிக்சல் ஆகிவிடும், கருவியின் கண்ணுக்கே படாது. நம் கண்ணுக்கோ முழு அளவுக் காணொளியில் அது பக்கத்து வீட்டு மாமா என்று நன்றாகத் தெரியும். கூட்டக் காட்சியில் சுருக்காமலேயே ஓட்டுங்கள், இரவு முழுக்க ஓடினாலும் பரவாயில்லை.

இனி விட்டுப்போவதற்கு வருவோம். இதில் மூன்று வகை உண்டு, ஒவ்வொன்றையும் பிடிக்கும் வழி வேறு.

முதல் வகை, நடுவில் விழும் ஓட்டை. முகம் 400-வது ஃபிரேம்வரை தெரிகிறது, பதினொரு ஃபிரேம் காணாமல் போகிறது, 412-இல் திரும்ப வருகிறது. இதற்குப் பின்தொடர்தல் வேண்டும். ஒரு ஃபிரேமில் முகத்தைச் சுற்றிக் கருவி போடும் பெட்டியும் அடுத்த ஃபிரேமில் உள்ள பெட்டியும் போதுமான அளவு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், இரண்டும் ஒரே ஆள் என்று எடுத்து ஒரே அடையாள எண் கொடுப்பதுதான் அது. அப்படி ஒரே எண்ணில் தொடரும் பெட்டிகளின் வரிசைதான் தடம். பைட்ட்ராக் என்ற முறையில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது: புதிதாக ஒரு தடம் தொடங்க உறுதியான கண்டறிதல் வேண்டும், ஆனால் ஏற்கெனவே ஓடும் தடத்தைத் தொடர, மதிப்பெண் குறைந்த சந்தேகப் பெட்டியும் போதும். பாதி மறைந்த முகங்கள் பெரும்பாலும் அந்தச் சந்தேகப் பெட்டிகளில்தான் இருக்கும். தடங்களை `frame`, `id` என்ற தலைப்புகளின் கீழ் ஃபிரேம் எண், அடையாள எண், அவற்றோடு பெட்டியின் இடம் என்று `tracks.csv` கோப்பில் எழுதிவைத்தால், மிச்சமிருக்கும் ஓட்டைகளைப் பட்டியலிட இவ்வளவு போதும்:

```python
import csv
from collections import defaultdict

t = defaultdict(list)
for r in csv.DictReader(open("tracks.csv")):
    t[r["id"]].append(int(r["frame"]))

for i, f in t.items():
    f.sort()
    for a, b in zip(f, f[1:]):
        if b - a > 1:
            print(i, a + 1, b - 1)
```

அரை நொடிக்குள், அதாவது 15 ஃபிரேமுக்குள் இருக்கும் ஓட்டையை இரு முனைப் பெட்டிகளுக்கும் நடுவே நேர்கோட்டில் நிரப்பலாம். நடந்துகொண்டே எடுத்த காணொளியில் முகம் நேர்கோட்டில் போகாது, மேலும் கீழும் ஆடும். அதனால் நிரப்பிய ஃபிரேம்களில் மட்டும் மறைப்பைப் பெரிதாக்கினேன்: மற்ற இடங்களில் பெட்டியைப் போல 1.3 மடங்கு, இங்கே 1.6 மடங்கு. அதைவிட நீண்ட ஓட்டையை நானே பார்த்துக் கையால் நிரப்பினேன். இரண்டு பேர் குறுக்கே கடக்கும்போது அடையாள எண் மாறிப்போகும். எல்லாரையும் மறைக்கும்போது அது பெரிய தவறில்லை என்று தோன்றும். ஆனால் எண் மாறிய தடத்தில் ஓட்டை விழுந்தால், மறைப்பு ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்கு வெறும் காற்றில் மிதந்து போகும். இருவர் முகமும் திறந்திருக்கும். ஒரு பெட்டி தன் அகலத்தைவிட வேகமாக ஃபிரேமுக்கு ஃபிரேம் தாவினால் அதைத் தனியே குறித்து வையுங்கள்.

இரண்டாம் வகைதான் ஏமாற்றிவிடும்: தடத்தின் ஓரங்கள். ஒருவர் தலையைத் திருப்பும்போது, பாதிக்கு மேல் திரும்பிய பிறகுதான் கருவி அதை முகம் என்று ஒப்புக்கொள்ளும். தெரிந்தவருக்கோ பக்கவாட்டுக் கன்னமும் மூக்கும் போதும். இந்த ஃபிரேம்கள் தடம் தொடங்குவதற்கு முன்னால் இருப்பதால் மேலே உள்ள பட்டியலில் வரவே வராது. எனக்கு அந்த அக்கா விஷயத்தில் நடந்தது இதுதான். உறுமி மேளக்காரர்களுக்குப் பின்னால், ரதத்தில் கட்டியிருந்த தென்னங்கீற்றை ஒட்டி அவர் வெளியே வருகிறார். குனிந்து குழந்தையின் நெற்றியில் வழிந்த திருநீற்றைத் துடைத்துவிட்டு நிமிர்கிறார். துடைக்கும்போது விழுந்த ஓட்டை சரியாக நிரம்பியிருந்தது. ஆனால் கீற்றுக்குப் பின்னாலிருந்து வந்த முதல் ஆறு ஃபிரேம்களில் அவர் முகத்தில் எந்த மறைப்பும் இல்லை. சாதாரண வேகத்தில் நான்கு முறை பார்த்தும் அது என் கண்ணில் படவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வெளிப்பக்கமாக 15 ஃபிரேம்களை, அந்த இடத்தை மட்டும் வெட்டி, வரிசையாக ஒட்டிப் பார்த்தேன். 340 தடம், 680 ஓரம். ஒன்றுக்குச் சில நொடிதான் ஆகும். முகம் தெரிந்த இடங்களில் காணொளியைப் பின்னோக்கி ஓடவிட்டு, முதல் பெட்டியிலிருந்து ஓப்பன்சிவி என்ற இலவச நிரல் நூலகத்தின் சிஎஸ்ஆர்டி பின்தொடரியைத் தொடங்கினேன். அது முகம் என்று தேடுவதில்லை, கொடுத்த துண்டைப் போன்ற துண்டைத் தேடுகிறது. அதனால் தலை திரும்பியிருந்தாலும் பெரும்பாலும் கூடவே போகும். கீற்று போல ஏதாவது குறுக்கே வந்தால் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், ஆகவே முடிவைப் பார்த்தே ஏற்க வேண்டும்.

மூன்றாம் வகை, கருவி ஒரு ஃபிரேமில்கூடப் பிடிக்காத முகம். முகம் முழுக்க மஞ்சள் பூசியவர், முக்காடு போட்ட பாட்டி, அப்பாவின் தோளில் தலை சாய்த்துத் தூங்கும் குழந்தை, கடைக் கண்ணாடிக் கதவில் விழும் பிம்பம். அதே கருவியைத் திரும்ப ஓட்டினால் அதே இடத்தில்தான் தவறும், எனவே வேறொரு கண்டறிவானை எடுங்கள். `deface` உள்ளே இருப்பது சென்டர்ஃபேஸ். நான் சரிபார்க்க எடுத்தது ஓப்பன்சிவி-யின் யூநெட். சரிபார்ப்புப் பிரதியில் மங்கலுக்குப் பதில் முழுக் கறுப்பு வட்டம் போடுங்கள். மங்கலாக்கிய முகத்தையும் கண்டறிவான் பல சமயம் முகம் என்றே காட்டும், பிறகு எது உண்மையில் விட்டுப்போனது என்று பிரிக்க முடியாது. கறுப்புப் பிரதியில் அது காட்டுவதெல்லாம் ஒன்று விட்டுப்போன முகம், இல்லையென்றால் முகமே அல்லாத ஏதோ ஒன்று.

கடைசியில் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். கூட்டத்தை மொத்தமாகப் பார்த்தால் கண் ரதத்தின் பின்னாலேயே போய்விடும். கறுப்புப் பிரதியை நான்கு கால்பகுதிகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, பாதி வேகத்தில் பாருங்கள்:

```
ffmpeg -i karuppu.mp4 -vf "crop=960:540:0:0" kaal1.mp4
mpv --speed=0.5 --fs kaal1.mp4
```

இது இடது மேல் பகுதி; மற்ற மூன்றுக்கும் `crop`-இன் கடைசி இரண்டு எண்களை `960:0`, `0:540`, `960:540` என்று மாற்றுங்கள். கறுப்பு வட்டங்களுக்கு நடுவே திறந்த முகம் உடனே உறுத்தும். `.` விசை ஒரு ஃபிரேம் முன்னே, `,` விசை ஒரு ஃபிரேம் பின்னே கொண்டுபோகும். நான்கு பகுதிக்கும் சேர்த்து எனக்கு அரை மணிக்குச் சற்று அதிகமானது.

எதிர்ப்பக்கத் தவறும் வரும். என் முதல் பிரதியில் ரதத்தில் வீற்றிருந்த அம்மனின் முகத்தையே கருவி மங்கலாக்கியிருந்தது. அதை அப்படியே போட்டிருந்தால் கோயில் நிர்வாகத்தினர் மனம் புண்பட்டிருக்கும். அந்த அடையாள எண்ணைத் தடப் பட்டியலிலிருந்து நீக்கினால் போதும். நீக்குவதற்கு முன் அந்த எண் வழியில் ஒரு மனித முகத்துக்குத் தாவியிருக்கிறதா என்று முழுத் தடத்தையும் பாருங்கள்; என்னுடையதில் பூசாரி குறுக்கே வந்தபோது தாவியிருந்தது.

சரிபார்ப்பதை எல்லாம் ஏற்றுமதியான கோப்பிலேயே செய்யுங்கள், எடிட்டர் திரையில் வேண்டாம். சீராக்கிய கோப்பிலும் முடிந்த கோப்பிலும் ஃபிரேம் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும்:

```
ffprobe -v error -count_frames -select_streams v:0 -show_entries stream=nb_read_frames -of csv=p=0 mudivu.mp4
```

முடிந்ததை அந்த அக்காவிடம் முதலில் காட்டினேன். முகம் எங்கேயும் தெரியவில்லை. ஆனால் ஓர் இடத்தில் கையை நீட்டி, "இந்தப் புடவை அவர் வாங்கிக் கொடுத்தது தம்பி" என்றார். அந்தப் புடவை தெரிந்த இரண்டு காட்சிகளையும் வெட்டி எடுத்துவிட்டு, ரதம் தெருமுனை திரும்பும் காட்சியைச் சேர்த்தேன். அதற்கு அடுத்த நாள்தான் காணொளியைப் போட்டோம்.