நீட் மாதிரித் தேர்வு: கேள்வியைவிட ஆப்ஷன்தான் பெரிய வேலை

கேள்வி: எங்கள் கோச்சிங் சென்டரில் நீட் மாதிரித் தேர்வுக்கு இயற்பியல் தாள் போடச் சொல்லியிருக்கிறார்கள். நேர நெருக்கடி, நெகட்டிவ் மார்க், இவ்வளவு பெரிய பாடத்திட்டம் எல்லாவற்றுக்கும் ஏற்றபடி கேள்விகளை எப்படி அமைப்பது?

நான் ஏழெட்டு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். முதல் இரண்டு வருடம் கேள்விக்கு மூளையைக் கசக்கிவிட்டு, ஆப்ஷன்களைக் கடைசியில் அரை நிமிடத்தில் நிரப்பிவிடுவேன். தப்பு அங்கேதான் இருந்தது.

சரியான விடைக்கு 4, தவறுக்கு −1. ஒன்றுமே தெரியாத பையன் நாலு கேள்விக்குக் கண்ணை மூடிக் குத்தினால், சராசரியாக ஒன்றில் 4 வரும், மூன்றில் 3 போகும். ஆக 1 மார்க் லாபம். பரவாயில்லை, சின்ன லாபம்தான். ஆனால் ஒவ்வொரு கேள்வியிலும் இரண்டு ஆப்ஷன் பார்த்தவுடனே அபத்தம் என்று தெரிந்தால்? மீதி இரண்டில் ஒன்றைக் குத்துவான். நாலு கேள்வியில் இரண்டு சரி, இரண்டு தவறு. 8 வந்து 2 போய் 6 மார்க். உங்கள் சோம்பல் ஆப்ஷன்கள் நெகட்டிவ் மார்க்கைச் செல்லாக்காசாக்கிவிடும்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். தரையிலிருந்து 20 மீ/வி வேகத்தில் மேல்நோக்கி எறிந்த பந்து, 15 மீட்டர் உயரத்தை ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் கடக்கிறது. இடைப்பட்ட நேரம் என்ன? (g = 10 மீ/வி²) விடை 2 வினாடி. நான் முதலில் கொடுத்த மற்ற ஆப்ஷன்கள் 0.2, 15, 20. பந்து விழுந்துவிடும் நேரமே 4 வினாடிதான். 15, 20 இரண்டையும் பேனாவைத் தொடாமலே தள்ளிவிடலாம்.

இப்போது அதே கேள்விக்கு 1, 2, 3, 4 என்று கொடுக்கிறேன். இருபடிச் சமன்பாட்டைப் போட்டு முதல் விடையோடு நின்றவனுக்கு 1 கிடைக்கும். இரண்டாவதை மட்டும் எடுத்தவனுக்கு 3. மொத்தப் பறக்கும் நேரத்தைக் கேட்டதாக நினைத்தவனுக்கு 4. ஒவ்வொரு தவறான ஆப்ஷனும் ஒரு நிஜமான தப்பிலிருந்து வர வேண்டும். இதற்கு வழி எளிது: ஆப்ஷன் இல்லாமல் கேள்வியை வகுப்பில் எழுதிப் போட்டு, பிள்ளைகள் தப்பாக எழுதுவதை அப்படியே பொறுக்கிக்கொள்ளுங்கள்.

நேரமும் இதே கேள்வியில் தெரியும். 15 மீட்டரில் வேகம் √(400 − 300) = 10, அதனால் நேரம் 2 × 10/10 = 2 என்று புரிந்தவன் அரை நிமிடத்தில் முடிப்பான். இருபடிச் சமன்பாட்டில் போகிறவன் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுப்பான், ஆனால் வந்து சேருவான். அதையே உயரம் 12, g = 9.8 என்று மாற்றிப் பாருங்கள். கால்குலேட்டர் இல்லாமல் 164.8-க்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இயற்பியல் மாறவில்லை, கை வலிதான் கூடுகிறது. 180 நிமிடத்தில் 180 கேள்வி. உயிரியலை வேகமாக முடித்து மிச்சம் பிடித்த நேரத்தில்தான் இயற்பியலைப் போடுகிறார்கள். அதனால் நான் போட்ட நேரத்தை மூன்றால் பெருக்கிப் பார்ப்பேன். ஒரு கேள்வி இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் எண்களை மாற்றுவேன்.

பாடத்திட்டம் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். இயற்பியலில் 20 அலகு, 45 கேள்வி. அலகுக்கு இரண்டு, சிலவற்றுக்கு மூன்று. எழுதும் முன்பே பட்டியல் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் உங்களுக்குப் பிடித்த இயக்கவியலில் பத்துக் கேள்வி வந்து நிற்கும். எனக்கு நிற்கும்.

தேர்வு முடிந்ததும் மார்க்கை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு கேள்வியிலும் எத்தனை பேர் எந்த ஆப்ஷனைக் குறித்தார்கள், எத்தனை பேர் விட்டுவிட்டார்கள் என்று எண்ணுங்கள். யாருமே தொடாத ஆப்ஷன் செத்த ஆப்ஷன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் தவறாகவும் மற்றவர்கள் சரியாகவும் போட்டிருந்தால், பெரும்பாலும் விடைக்குறிப்பு தப்பு, அல்லது வாக்கியத்தில் இரண்டு அர்த்தம் இருக்கிறது.

வாக்கியத்தில் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 நீட் ஒன்றே போதும். 'ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை' என்ற கூற்று பழைய என்சிஇஆர்டி புத்தகத்தில் இருந்தது. புதியதில் அது மாறியிருந்தது. முதலில் இரண்டு விடைக்கும் மார்க் கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், ஐஐடி டெல்லி நிபுணர்கள் ஒரே விடைதான் சரி என்றார்கள். மற்றதைக் குறித்தவர்களுக்கு 4 போய், −1 வந்தது. ஒரே கேள்வியில் 5 மார்க் சரிவு, தரவரிசையே திருத்தப்பட்டது. அதற்குப் பிறகு 'ஒவ்வொரு', 'எப்போதும்', 'மட்டுமே' வரும் வாக்கியங்களை வேதியியல் ஆசிரியரிடம் விடைக்குறிப்பு இல்லாமல் கொடுத்துப் போடச் சொல்கிறேன். அவர் தயங்கினால் அந்தக் கேள்வி தாளுக்குப் போகாது.