தலைசுற்றலில் 'நார்மல்' என்ற சொல்லுக்கு டாக்டர் ஏன் கவலைப்படுகிறார்?

*"அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை, பி.பி. இரண்டும் உண்டு. நேற்று மாலையிலிருந்து நிற்காமல் தலைசுற்றல், வாந்தி. சி.டி. ஸ்கேன் நார்மல். டாக்டர் அவர் தலையைச் சட்டென்று திருப்பித் திருப்பிக் கண்ணைப் பார்த்துவிட்டு, 'இந்த டெஸ்ட் நார்மலா இருக்கு, அதனாலதான் யோசிக்கிறேன். அட்மிட் பண்ணி எம்.ஆர்.ஐ. எடுக்கணும்' என்கிறார். போன வருடம் என் சித்திக்கு இதே மாதிரி வந்தபோது அந்த டெஸ்ட் சரியில்லை என்றார்கள். ஆனால் காது நரம்புதான் என்று மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நார்மல் என்றால் நல்லதுதானே?"*

இந்த இடத்தில் நல்லதில்லை. உங்கள் டாக்டர் சரியாகத்தான் யோசிக்கிறார், அட்மிஷனைத் தள்ளிப்போடாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

செய்தித்தாளைக் கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, தலையை இடமும் வலமும் வேகமாக ஆட்டியபடி படித்துப் பாருங்கள். எழுத்து பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். இப்போது தலையை அசைக்காமல் தாளை அதே வேகத்தில் ஆட்டினால் படிக்க முடியாது. தலை வலப்பக்கம் திரும்பும்போது வலது காதின் உள்ளே இருக்கும் அரைவட்டக் குழாய் அதை உணர்ந்து, காது நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் சொல்கிறது. அங்கிருந்து கண் தசைகளுக்கு உத்தரவு போய், கண்கள் அதே அளவு இடப்பக்கம் நகர்கின்றன. காதிலிருந்து கண் தசை வரை மூன்றே நரம்பணுக்கள் கொண்ட குறுக்கு வழி இது. ஏறக்குறைய ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் கண் நகரத் தொடங்கிவிடும்.

அப்பாவுக்குச் செய்தது இந்த வழியைச் சோதிக்கும் பரிசோதனை. ஆஸ்திரேலியாவின் ஹல்மாகி, கர்தாய்ஸ் இருவரும் 1988-ல் விவரித்தது. நோயாளி டாக்டரின் மூக்கையே பார்க்க வேண்டும். டாக்டர் அவர் தலையை எதிர்பாராத நேரத்தில் 10 முதல் 20 டிகிரி மட்டும் வெடுக்கென்று திருப்புவார். வலது காது நரம்பு வீங்கிச் செயலிழந்திருந்தால், வலப்பக்கம் திருப்பும்போது கண் மூக்கின் மேல் நிற்காது. தலையோடு சேர்ந்து வலப்பக்கம் போய்விட்டு, பிறகு ஒரே தாவலில் மூக்குக்குத் திரும்பும். அந்தத் தாவல் வெறும் கண்ணுக்கே தெரியும். உங்கள் சித்திக்கு அதுதான் தெரிந்திருக்கும். குறுக்கு வழி காது நரம்பில் அறுந்திருக்கிறது, அதனால் தலைசுற்றுகிறது என்று கணக்கு நேராகிவிட்டது.

அப்பாவின் கணக்கு நேராகவில்லை. இரவு முழுக்கத் தலைசுற்றும் அளவுக்குக் காது நரம்பு கெட்டிருந்தால் இந்தச் சோதனையில் அது காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். காட்டவில்லை என்றால் கோளாறு அந்த வழிக்கு வெளியே இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். சமநிலையைக் கவனிக்கும் சிறுமூளையின் கீழ்ப்பகுதி அந்த வழியில் இல்லை. அங்கே போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் தலைசுற்றும், வாந்தி வரும், நடக்க முடியாது. ஆனால் கை கால் விழாமல் இருக்கலாம், பேச்சும் தெளிவாக இருக்கலாம். பக்கவாதம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றாது.

டாக்டர் இதோடு வேறு இரண்டையும் பார்த்திருப்பார். ஒன்று, கண் தானாகவே ஆடும் விதம். இரண்டு காதுகளும் சும்மா இருக்கும்போதுகூட மூளைக்குச் சமமாகச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. வலது காது ஓய்ந்துவிட்டால், இடது காதின் செய்தி மட்டும் ஓங்கி, தலை இடப்பக்கம் சுழல்வதாக மூளை நம்பிவிடுகிறது. கண்கள் மெல்ல வலப்பக்கம் நழுவி, வெடுக்கென்று இடப்பக்கம் தாவும். காதில் கோளாறு என்றால், எந்தப் பக்கம் பார்த்தாலும் அந்தத் தாவல் ஒரே திசையில்தான் இருக்கும். தாவும் திசையிலேயே பார்த்தால் வேகம் கூடும். வலப்பக்கம் பார்த்தால் வலது நோக்கியும், இடப்பக்கம் பார்த்தால் இடது நோக்கியும் தாவினால் அது காதின் வேலையே அல்ல. மூளைத்தண்டோ சிறுமூளையோ பாதிக்கப்பட்டிருக்கிறது. கண் நேர் மேலே அல்லது கீழே தாவினாலும் அப்படித்தான். இதைப் பார்க்கும்போது கண்ணை ஓரத்தின் கடைசிவரை கொண்டுபோகச் சொல்லக்கூடாது. அங்கே நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் லேசாகத் துடிக்கும்.

இன்னொன்று, கண்களை மாற்றி மாற்றி மூடித் திறப்பது. மூடிய கையை எடுத்ததும் கண் மேலேயோ கீழேயோ நகர்ந்து சரிசெய்துகொண்டால், இரண்டு கண்களும் ஒரே மட்டத்தில் இல்லை என்று பொருள். புதிதாக வந்த தலைசுற்றலோடு இது சேர்ந்தால் மூளைத்தண்டின் பக்கம்தான் விரல் நீளும்.

சி.டி. நார்மல் என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். ரத்தக்கசிவு இல்லை என்று அது சொல்லும், அது முக்கியம்தான். ஆனால் தலையின் பின்பகுதியில் ரத்த அடைப்பால் வரும் புதிய பாதிப்பை அது பெரும்பாலும் காட்டாது. எம்.ஆர்.ஐ.கூட முதல் இரண்டு நாட்களில் தவறவிடலாம். 2009-ல் அமெரிக்காவில் கட்டா, நியூமன்-டோக்கர் குழுவினர் பக்கவாத ஆபத்து உள்ள 101 பேரைப் பரிசோதித்தார்கள். இந்த மூன்று கண் சோதனைகளும் சேர்ந்து பக்கவாதம் ஒன்றையும் தவறவிடவில்லை, முதல் எம்.ஆர்.ஐ. 100-க்கு 12 என்ற விகிதத்தில் தவறவிட்டது. ஆனால் அங்கே கண்ணைப் பார்த்தவர் இதில் நன்கு தேர்ந்த நரம்பியல் நிபுணர். பழக்கம் இல்லாத கையில் அதே முடிவு கிடைக்காது. அதனால் வீட்டில் யாரும் அப்பாவின் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டாம், கழுத்துக்கும் ஆபத்து.

இந்தத் தர்க்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. தலைசுற்றல் இப்போதும் விடாமல் நடந்துகொண்டு, கண்ணும் ஆடிக்கொண்டிருப்பவருக்கு மட்டுமே 'நார்மல்' என்பது கெட்ட செய்தி. படுக்கையில் புரளும்போது மட்டும் ஒரு நிமிடத்துக்குள் சுற்றி நின்றுவிடும் தலைசுற்றல் வேறு. காதுக்குள் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியதால் வருவது. அவர்களுக்கும் இந்தச் சோதனை நார்மலாகத்தான் இருக்கும், அதற்காகப் பயப்படத் தேவையில்லை. அவர்களுக்கு வேறு சோதனை, வேறு சிகிச்சை.

எதிர்ப்பக்கமும் ஒரு பொறி இருக்கிறது. உள்காதுக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறு குழாய், பெரும்பாலும் சிறுமூளைக்குப் போகும் ஒரு குழாயிலிருந்துதான் பிரிகிறது. அது அடைத்தால் காதும் சேர்ந்து கெட்டு, தலை திருப்பும் சோதனை காது நோய் போலவே காட்டும். அப்பாவுக்கு நேற்றிலிருந்து ஒரு காது கேட்கவில்லையா என்று இன்றே கேளுங்கள். ஆம் என்றால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். உதவி இல்லாமல் கட்டிலில் நேராக உட்கார முடிகிறதா என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள். காது நரம்பு நோயாளி தள்ளாடுவார், ஆனால் பெரும்பாலும் உட்கார்ந்துவிடுவார். சிறுமூளை பாதித்தவர் சாய்ந்து விழலாம்.

எம்.ஆர்.ஐ. நார்மல் என்று வந்தாலும், கண் அறிகுறிகள் அப்படியே இருந்தால் சில நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். சிறுமூளையில் பெரிய அடைப்பு என்றால் முதல் சில நாட்களில் வீக்கம் கூடி மூளைத்தண்டை அழுத்தலாம். சிலருக்கு அறுவை சிகிச்சைவரை போகும். அட்மிட் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். பக்கத்தில் இருப்பவர் கவனிக்க வேண்டியது, தலைவலி கூடுகிறதா, இரட்டையாகத் தெரிகிறதா, தண்ணீர் விழுங்கும்போது புரை ஏறுகிறதா, கூப்பிட்டால் எழ நேரம் ஆகிறதா என்பதைத்தான். வாந்தி மாத்திரையின் அசதி என்று விட்டுவிடாமல், நள்ளிரவானாலும் நர்ஸைக் கூப்பிடுங்கள்.