செய்தியாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் என்ன இருக்க வேண்டும்?

கேள்வி: திருப்பூரில் சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் கருவி செய்கிறோம். பத்துச் செய்தியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியும் ஒருவர்கூடப் பதில் போடவில்லை. எப்படி எழுதுவது?

‘புதிய கருவி அறிமுகம்’ என்று தலைப்பிட்டிருப்பீர்கள். அது விளம்பரப் பிரிவுக்குப் போக வேண்டிய சரக்கு. செய்தி உங்கள் கருவியில் இல்லை, அதை வாங்கிய பட்டறையில் இருக்கிறது.

சாயக் கழிவுநீர் ஆற்றில் கலந்ததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் தொழில் நடத்தச் சிறு பட்டறைக்கு என்ன செலவாகிறது என்பதுதான் வாசகருக்கு வேண்டியது. ஆகவே பொருள் வரியிலேயே, ஒரு பட்டறையில் ஆயிரம் லிட்டருக்கான சுத்திகரிப்புச் செலவு எவ்வளவிலிருந்து எவ்வளவாகக் குறைந்தது என்று எழுதுங்கள்.

அந்த எண்ணை நீங்கள் சொன்னால் மட்டும் யாரும் நம்பமாட்டார்கள். கருவி வருவதற்கு முன்னும் பின்னும் வந்த மின்கட்டண ரசீதுகள், ஆய்வக அறிக்கை, படங்கள் எல்லாவற்றையும் ஒரே சுட்டியில் வையுங்கள். பட்டறை உரிமையாளரின் சம்மதம் பெற்று அவருடைய கைபேசி எண்ணையும் கொடுங்கள். வேறொரு கணினியில் அந்தச் சுட்டியைத் திறந்து பாருங்கள். பக்கம் முடிக்கும் நேரத்தில் ‘அனுமதி தேவை’ என்று வந்தால் செய்தியாளர் அடுத்த செய்திக்குப் போய்விடுவார்.

பத்துப் பேருக்கும் ஒரே அஞ்சலை அனுப்பாதீர்கள். ஜவுளித் தொழிலைப் பற்றித் தொடர்ந்து எழுதும் ஒருவருக்கு முதலில் அனுப்புங்கள்.