2012-இல் எழுதியது, 1962-இலேயே இருந்ததாம்

“வோடபோன் வழக்கைப் பற்றி வகுப்பில் படித்தோம். பல்லாயிரம் கோடிக்கு வியாபாரம் செய்துவிட்டு, சட்டத்தில் இருந்த ஓட்டை வழியாக வரி கட்டாமல் நழுவிய கம்பெனி அது. அந்த ஓட்டையை நாடாளுமன்றம் முன்தேதியிட்டு அடைத்தால் அதில் என்ன தப்பு? சட்டம் போடும் அதிகாரம் அவர்களுக்குத்தானே இருக்கிறது? இதைப் போய் ‘சட்டத்தின் ஆட்சிக்கு ஆபத்து’ என்கிறார்களே, பணக்காரனுக்குப் பரிந்து பேசுகிற பேச்சாக இல்லையா?”
— சட்டக் கல்லூரி மாணவி ஒருவர்

முதலில் ஒரு விவரத்தைச் சரி செய்துகொள்வோம். அந்த வியாபாரத்தில் லாபம் பார்த்தது வோடபோன் இல்லை, ஹட்சிசன். வோடபோன் காசு கொடுத்து வாங்கிய கட்சி. நிறைய பேர் இதை மாற்றித்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இந்த விவரத்தில்தான் இருக்கிறது.

நடந்தது இதுதான். 2007 பிப்ரவரியில் ஹாங்காங்கின் ஹட்சிசன் குழுமம், கேமன் தீவுகளில் பதிவான சி.ஜி.பி. என்ற கம்பெனியின் பங்கை வோடபோனின் நெதர்லாந்து கம்பெனிக்கு விற்றது. அந்தக் கம்பெனிக்கு இருந்ததே ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கின் விலை சுமார் 1,100 கோடி டாலர். ஏன் அவ்வளவு? அதன் கீழே சங்கிலியாகப் பல கம்பெனிகள் இருந்தன. சங்கிலியின் கடைசியில், ஹட்சிசன் எஸ்ஸார் என்ற இந்திய செல்பேசிக் கம்பெனியில் சுமார் 67 சதவீத உரிமை இருந்தது. விற்றவர், வாங்கியவர், விற்கப்பட்ட பங்கு மூன்றும் வெளிநாடு. மதிப்பு மட்டும் இந்தியாவில்.

வருமான வரித்துறை என்ன சொன்னது? “ஹட்சிசனுக்குக் கிடைத்த லாபத்துக்கு இங்கே வரி உண்டு. பணத்தைக் கொடுக்கும்போதே அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் நீங்கள் கொடுத்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. ஆகவே நீங்களே கட்டுங்கள்.” நமக்குத் தெரிந்த அதே டி.டி.எஸ்.தான், 195-ஆம் பிரிவு. வந்த நோட்டீஸ் சுமார் 11,200 கோடி ரூபாய்க்கு.

அப்போதிருந்த சட்டத்தில், ‘இந்தியாவில் உள்ள மூலதனச் சொத்தை’ விற்றால் இங்கே வரி என்று இருந்தது. கேமன் கம்பெனியின் பங்கு எங்கே உள்ளது என்பதுதான் தகராறு. பம்பாய் உயர் நீதிமன்றம் 2010-இல் துறையின் பக்கம் நின்றது. 2012 ஜனவரி 20-ஆம் தேதி, தலைமை நீதிபதி கபாடியா தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு உச்ச நீதிமன்றத்தில் அதை மாற்றியது. விற்கப்பட்டது வெளிநாட்டுச் சொத்து, சங்கிலியைப் பிரித்துக் கீழே எட்டிப் பார்க்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் வாசகம் தரவில்லை என்றார்கள். இன்னொன்றையும் கவனித்தார்கள். 2010-இல் அரசே கொண்டுவந்த நேரடி வரிகள் மசோதாவில், இப்படிப்பட்ட மறைமுக விற்பனைக்கு வரி போடும் ஏற்பாடு புதிதாக இருந்தது. ஏற்கெனவே சட்டத்தில் இருப்பதற்குப் புதிதாக ஏற்பாடு எதற்கு?

தீர்ப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 16-ஆம் தேதி நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி தாக்கல் செய்த பட்ஜெட்டோடு, வருமான வரிச் சட்டத்தில் சேர்ப்பதற்காக வந்தது ‘விளக்கம் 5’. வெளிநாட்டுக் கம்பெனியின் பங்காக இருந்தாலும், அதன் மதிப்பு கணிசமாக இந்தியச் சொத்துகளிலிருந்து வந்தால், அந்தப் பங்கு இந்தியாவில் இருப்பதாகவே கருதப்படும். இதுவரை சரி. அடுத்த சொற்களைப் பாருங்கள்: ‘எப்போதும் அப்படி இருந்ததாகவே கருதப்படும்.’ அமலுக்கு வரும் நாள் 1962 ஏப்ரல் 1. அதாவது, வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே. இத்தனைக்கும் அந்த விளக்கம் ‘சந்தேகங்களை நீக்கும் பொருட்டு’ என்றுதான் ஆரம்பிக்கிறது. நாட்டின் உச்ச நீதிமன்றம் அப்போதுதான் சந்தேகத்தைத் தீர்த்து வைத்திருந்தது. மிஞ்சியிருந்தது சந்தேகமா, வருத்தமா?

இப்போது வாங்கியவர் பக்கம் நின்று பாருங்கள். சின்ன எண்ணில் போடுவோம். நான் உங்களுக்கு 100 ரூபாய் தர வேண்டும். அதில் 20 ரூபாயைப் பிடிக்கச் சட்டம் சொன்னால், 80-ஐ உங்களிடம் கொடுத்து 20-ஐ அரசுக்குக் கட்டுவேன். என் செலவு 100. சட்டம் அப்படிச் சொல்லாததால் 100-ஐயும் கொடுத்துவிட்டேன். நீங்கள் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். ஐந்து வருடம் கழித்து, “அன்றைக்கே 20 பிடித்திருக்க வேண்டும்” என்று ஒரு சட்டம் வருகிறது. உங்களிடமிருந்து அதை நான் எப்படி வாங்குவது? என் பையிலிருந்துதான் போகும். பிடிக்கத் தவறியதற்கு மாதம் ஒரு சதவீதம் வட்டி என்றால், 60 மாதத்தில் 20-க்கு 12 ரூபாய் வட்டி. அபராதம் தனி. நான் சம்பாதிக்காத லாபத்துக்கு நான் வரி கட்டுகிறேன். அது போதாதென்று, கட்டாத குற்றவாளி என்ற பெயர் வேறு.

வரி என்பது பணம்தானே, முன்னே பின்னே கொடுத்தால் என்ன என்று தோன்றலாம். ஆனால் டி.டி.எஸ். என்பது ஒரு வேலை. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட செக்கை எழுதும்போது செய்ய வேண்டிய வேலை. கடந்துபோன நாளில் ஒரு வேலையைச் செய் என்று யாருக்கும் கட்டளையிட முடியாது. சட்டத்தின் ஆட்சி என்று நாங்கள் பெரிய வார்த்தையாகச் சொல்வதன் அடிமட்ட அர்த்தம் இதுதான்: ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன் அதற்கான சட்டத்தை எடுத்துப் படித்துப் பார்க்க முடிய வேண்டும். 2007-இல் வோடபோனின் வக்கீல்கள் எத்தனை தடவை படித்திருந்தாலும் விளக்கம் 5 அவர்கள் கண்ணில் பட்டிருக்காது. அது எழுதப்படவே இல்லை.

சரி, அதிகாரம்? நாடாளுமன்றத்துக்கு உண்டு, அதில் சந்தேகமே வேண்டாம். அரசியல் சாசனத்தின் 20-ஆவது பிரிவு, குற்றத்துக்கும் தண்டனைக்கும்தான் முன்தேதிச் சட்டத்தைத் தடுக்கிறது, வரியைத் தொடவில்லை. முன்தேதியிட்ட எல்லா வரிச் சட்டமும் அநியாயம் என்றும் நான் சொல்ல மாட்டேன். தேர்வுக்கு உதவும், பிருத்வி காட்டன் மில்ஸ் வழக்கை எடுத்துப் படியுங்கள், 1969. குஜராத்தில் ஒரு நகராட்சி, தொழிற்சாலைகளின் மூலதன மதிப்பில் இத்தனை சதவீதம் என்று வரி போட்டு வந்தது. சட்டத்தில் இருந்த ‘ரேட்’ என்ற சொல்லுக்கு வாடகை மதிப்பில்தான் கணக்கிட வேண்டும் என்று நீதிமன்றம் பொருள் சொன்னதால் அந்த முறை செல்லாமல் போனது. மாநிலச் சட்டமன்றம் குறையைச் சரிசெய்து, பழைய வசூலையும் செல்லும்படி ஆக்கியது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ‘தீர்ப்பு செல்லாது’ என்று சட்டமன்றம் வெறுமனே அறிவிக்க முடியாது, தீர்ப்பு எந்த அடித்தளத்தில் நின்றதோ அதை மாற்ற வேண்டும் என்பது அங்கே சொன்ன விதி.

அந்த விதியை மட்டும் வைத்துப் பார்த்தால் 2012 திருத்தமும் தப்பித்துவிடும், அடித்தளத்தைத்தான் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த மில்காரர்களுக்கு இப்படி ஒரு வரி இருக்கிறது என்பது முதல் நாளிலிருந்தே தெரியும். கணக்கிடும் முறையில்தான் பிசகு. ஹட்சிசன் விவகாரத்தில் வலைக்குள் வராத ஒரு சொத்தை, வியாபாரம் முடிந்து ஐந்து வருடம் கழித்து வலைக்குள் இழுத்தார்கள். முன்தேதியிட்ட திருத்தம் எதைப் பார்த்தாலும் நான் தேடுவது இதைத்தான். இருந்த வரியின் பிசகைத் திருத்துகிறதா, இல்லாத வரியை உண்டாக்குகிறதா? மேலே ‘விளக்கம்’ என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள்.

அப்புறம், எனக்கு உறுத்துகிற இன்னொரு சங்கதி. அந்த வழக்கில் அரசு ஒரு கட்சிக்காரர். தோற்ற கட்சிக்காரர். தோற்றவர் கையிலேயே சட்டத்தை மாற்றும் பேனாவும் இருந்தது. அதே 2012 நிதிச் சட்டத்தின் 119-ஆவது பிரிவு, எந்த நீதிமன்றத் தீர்ப்பு எப்படி இருந்தாலும் பழைய நோட்டீஸ்கள் செல்லும் என்றது. எதிர்த்தரப்பு ஜெயித்தால் விதியைத் திருத்திவிடலாம் என்று ஒரு தரப்புக்குத் தெரிந்திருந்தால், வழக்கு நடத்துவது எதற்கு?

ஏய்ப்பவனை விட்டுவிடுவதா என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதே ஆண்டு அரசே அமைத்த பார்த்தசாரதி ஷோம் குழு அதை நேராக எடுத்துக்கொண்டது. முன்தேதியிடுவது அரிதிலும் அரிதாக இருக்க வேண்டும், சாரமே இல்லாத அப்பட்டமான மோசடி ஏற்பாடுகளைப் பிடிக்க வேண்டுமானால் பயன்படுத்தலாம், வரி வலையை அகலமாக்கப் பயன்படுத்தக் கூடாது என்றது. அப்படியே வரி போட்டாலும் லாபம் பார்த்தவரிடம் கேளுங்கள், பணம் கொடுத்தவரிடம் கேட்காதீர்கள், வட்டியும் அபராதமும் வேண்டாம் என்றும் சொன்னது. டி.டி.எஸ். விஷயத்தில் 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் ஏறத்தாழ இங்கேதான் வந்து நின்றது. மென்பொருள் ராயல்டி பற்றிய வேறொரு வழக்கு அது. ராயல்டிக்காக 2012-இல் சேர்த்த இன்னொரு விளக்கத்தை வைத்து, அதற்கு முன் பணம் கொடுத்தவர்களை ‘ஏன் பிடிக்கவில்லை’ என்று கேட்க முடியாது, முடியாததைச் செய்யச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தாது என்றார்கள்.

அதற்குள் விளக்கம் 5 போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. முதலீட்டு ஒப்பந்தங்களின் கீழ் நடந்த சர்வதேச நடுவர் வழக்குகளில் 2020 செப்டம்பரில் வோடபோனும், இதே திருத்தத்தால் வரி கேட்கப்பட்ட பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனியான கெய்ர்ன் டிசம்பரிலும் ஜெயித்தன. கெய்ர்னுக்குச் சுமார் 120 கோடி டாலர் கொடுக்கச் சொன்னார்கள். அதை வசூலிக்க, பாரிஸில் உள்ள இந்திய அரசின் கட்டடங்களை முடக்கப் பிரெஞ்சு நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கியது அந்தக் கம்பெனி. 2021 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இறங்கி வந்தது. 2012 மே 28-ஆம் தேதிக்கு முன் நடந்த மறைமுக விற்பனைகளுக்கு அந்த வரி கிடையாது. நோட்டீஸ் போன 17 பேரும் வழக்குகளைத் திரும்பப் பெற்றால் கோரிக்கை ரத்து. வசூலித்திருந்த சுமார் 8,100 கோடி ரூபாயும் திரும்பக் கிடைக்கும். வட்டி மட்டும் கிடையாது.

2021 சட்டம் விளக்கம் 5-ஐ நீக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2012 மே 28 என்பது அந்த நிதிச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்த நாள். அன்றிலிருந்து நடக்கும் விற்பனைகளுக்கு, நீங்கள் அடைக்கச் சொல்கிற அந்த ஓட்டை அடைபட்டுத்தான் இருக்கிறது. கேமன் பங்கை விற்றாலும் மதிப்பு இங்கே இருந்தால் வரி உண்டு. அதை எதிர்த்து யாரும் பெரிதாகச் சண்டை போடுவதாகக் காணோம். இப்போது இப்படிப்பட்ட ஒப்பந்தம் எழுத உட்காரும் வக்கீல், இந்திய வரியை யார் பிடிப்பது, எவ்வளவு என்பதை விலை பேசும்போதே ஒரு பத்தியாக எழுதிவிடுகிறார்.